ஆப்ரிகாட்டில் கொஞ்சம் தீபாவளிப் புகை: சல்ஃபைட்டும் ஆஸ்துமாவும்

போன மார்கழியில் ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போனோம். என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கிளம்புவதற்கு முன் சேலம் கடைவீதியில் கால் கிலோ உலர்பழக் கலவை வாங்கியிருந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் பொட்டலத்தைப் பிரித்தோம். கலவையில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஆப்ரிகாட்டைத்தான் அவள் தேடித் தேடி எடுத்தாள். ஐந்து சாப்பிட்டிருப்பாள். ஏழாவது, எட்டாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மூச்சில் அந்த விசில் சத்தம். இன்ஹேலர் கைப்பையில் இருந்தது, நல்ல வேளை.

"பனி அண்ணி, மலைப் பனி எனக்கு ஒத்துக்காது" என்றாள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும்தான். ஆனால் ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினோம். காலையில் ஏரியைச் சுற்றி மூடுபனியில் நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது மிச்சமிருந்த ஆப்ரிகாட்டில் இரண்டை வாயில் போட்டாள். மறுபடியும் இருமல்.

ஊறுகாயும் ஸ்குவாஷும் போடுவதற்கு மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சல்ஃபைட் என்ற சொல்லை வாரத்துக்கு நாலு முறையாவது சொல்பவள் நான். எனக்கே அன்று அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சிலர் "கெமிக்கல், எல்லாருக்கும் விஷம்" என்கிறார்கள். சிலர் "அரசாங்கம் அனுமதித்ததுதானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை.

முதலில் வாழைக்காய்

வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் பத்து நிமிடத்தில் கறுத்துவிடும். காயில் இருக்கும் ஒரு நொதி, வெட்டிய இடத்தில் காற்று பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாம் அதை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம். புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது, காற்றும் நேராகப் படுவதில்லை. அதனால் கறுப்பது தள்ளிப்போகிறது.

பழத்தை வெயிலில் பல நாள் காயவைக்கும்போது இதே கறுப்பு இன்னும் மோசமாக வரும். மோர்த் தண்ணீரெல்லாம் அங்கே போதாது. அதற்கு உலகம் கண்டுவைத்திருக்கும் வழி கந்தகப் புகை. மூடிய அறையில் பழத்தட்டுகளை அடுக்கி, கந்தகத்தைக் கொளுத்தி, அந்தப் புகையைப் பழத்தில் ஏற்றுவார்கள். நம் நாட்டுத் தங்கநிறத் திராட்சையிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கந்தகம் எரிந்து வரும் வாயுவுக்கு சல்ஃபர் டை ஆக்சைடு என்று பெயர். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடி அதுதான். தீபாவளியன்று தெரு முழுக்க நிற்கும் புகையிலும் அது உண்டு.

இந்த வாயு பழத்தின் ஈரத்தில் கரைந்து, உப்பு மாதிரியான ஒரு வடிவத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வடிவங்களுக்கெல்லாம் பொதுப்பெயர்தான் சல்ஃபைட். புகைபோட வசதி இல்லாதவர்கள் சல்ஃபைட்டைத் தூளாகவே வாங்கிக் கரைத்துப் போடலாம். பயிற்சி வகுப்பில் நாங்கள் கே.எம்.எஸ் என்று சொல்லும் பொட்டாசியம் மெட்டா பைசல்ஃபைட் அப்படி ஒரு தூள். பழம் கறுக்காது, பூஞ்சையும் வராது. வேலைக்காரப் பொருள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆக, பழம் நிறம் மாறாமல் இருக்க ஒரு வாயுவை உள்ளே கட்டிவைக்கிறார்கள். கட்டிவைத்தது வெளியே வரும்போதுதான் கதை ஆரம்பிக்கிறது.

ஆப்ப சோடாவில் எலுமிச்சை பிழிந்தால்

ஆப்ப சோடா வெறும் வெள்ளைத் தூள். டப்பாவில் இருக்கும்வரை வாயு எதுவும் தெரியாது. அதன் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டதும் நுரைத்துக்கொண்டு பொங்கும். தூளுக்குள் கட்டுண்டு கிடந்த வாயுவைப் புளிப்பு அவிழ்த்துவிட்டது, அவ்வளவுதான்.

சல்ஃபைட்டும் அப்படித்தான். அது புளிப்போடும் ஈரத்தோடும் சூட்டோடும் சேர்ந்தால் சல்ஃபர் டை ஆக்சைடாகக் கிளம்பும். ஆப்ரிகாட் புளிப்பான பழம். வாய் ஈரமானது, கதகதப்பானது. மென்று மென்று அரைக்கிறோம். அரைக்கும்போதே மூச்சும் விடுகிறோம். வாயில் கிளம்பிய வாயு தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குப் போய்விடுகிறது. நுரைப்பதற்கு அளவு போதாது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வயிற்றுக்குப் போன சல்ஃபைட்டைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நம் உடலே, உணவுப் புரதத்தில் இருக்கும் கந்தகத்தைக் கையாளும்போது தினமும் கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்குகிறது. அதை ஒரு நொதி சல்ஃபேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பிரச்சினை பெரும்பாலும் விழுங்கியதில் இல்லை, விழுங்கும்போது முகர்ந்ததில் இருக்கிறது. சோதனைகளிலும் இது தெரிந்திருக்கிறது. அதே அளவு சல்ஃபைட்டைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால் சும்மா இருக்கும் சிலர், புளிப்பான கரைசலாகக் குடித்தால் திணறுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் அவர்களில் சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது

ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்டு வீங்கி, எதற்கெடுத்தாலும் சுருங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பது. தொட்டாற்சிணுங்கி மாதிரி. மற்றவர்களுக்கு உறைக்காத குளிரும் ஊதுபத்திப் புகையும் அதைச் சுருக்கிவிடும்.

சல்ஃபர் டை ஆக்சைடு அந்த ஈரமான சுவரில் பட்டதும் கரைந்து அமிலத் தன்மை அடைகிறது. சுவரில் இருக்கும் நரம்பு முனைகள் அதை எரிச்சலாக உணர்ந்து, "ஏதோ வருகிறது, வாசலை மூடு" என்று செய்தி அனுப்புகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. காற்று குறுகிய வழியில் போவதால் விசில் சத்தம். இந்த வாயு ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உறைக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவே, நடந்துகொண்டோ ஓடிக்கொண்டோ இருக்கும் ஆஸ்துமாக்காரருக்குப் போதும். மற்றவர்களுக்கு அது பல மடங்கு இருந்தால்தான் உறைக்கும்.

இதைப் பலரும் சல்ஃபைட் அலர்ஜி என்கிறார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் நண்டு, வேர்க்கடலை அலர்ஜியில் நடப்பது வேறு. அங்கே உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டு தாக்குகிறது. சல்ஃபைட்டில் அப்படி நடப்பது அரிது. பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனையில் இது பொதுவாகச் சிக்குவதில்லை. "டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்ததும் இதனால்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, அளவை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்து, ஊதிப் பார்க்கும் கருவியில் மூச்சை அளக்க வேண்டும். வீட்டில் ஆப்ரிகாட்டைத் தின்று பரிசோதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இது நடக்காது. நூறு பேரில் மூன்றிலிருந்து பத்துப் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களும், அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுகிறவர்களும்தான் அதில் அதிகம். அறிகுறி சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும், பெரும்பாலும் அரைமணிக்குள். மறுநாள் காலை வரும் இருமலுக்கு முந்தின நாள் திராட்சையைக் குற்றம் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கட்டுண்ட வாயு, புளிப்பிலும் வாய்ச்சூட்டிலும் அவிழ்கிறது. அதை நாம் முகர்கிறோம். ஏற்கெனவே சிணுங்கிக்கொண்டிருக்கும் மூச்சுக்குழாய் சுருங்குகிறது.

அந்த ஐந்து ஆப்ரிகாட்டின் கணக்கு

ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் சல்ஃபைட் இருப்பது சாதாரணம், 2000 வரைகூடப் போகும். குறைந்த பக்கமே எடுப்போம். ஒரு பழம் எட்டு கிராம் என்றால் அதில் 8 மில்லிகிராம். ஐந்து பழத்தில் 40. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை ஒருநாளில் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 42. ஒரு கைப்பிடி ஆப்ரிகாட்டிலேயே அன்றைய ஒதுக்கீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதுவும் பொதுமக்களுக்கான அளவு. சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களை மனதில் வைத்துப் போட்டது அல்ல.

சல்ஃபைட் சேர்க்கும் இன்னொரு பொருளான ஒயினை எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள ஒயின் ஒரு கிளாஸ், அதாவது 150 மில்லி, குடித்தால் 15 மில்லிகிராம்தான். ஆப்ரிகாட்டைவிடக் குறைவு. ஆனால் ஒயின் புளிப்பான திரவம், வாயு அதில் தயாராக நிற்கிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் வாசம் பிடித்துக் குடிக்கும் பழக்கம் வேறு. ரெட் ஒயின் குடித்தால் தலைவலி, அது சல்ஃபைட்டால் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வழக்கமாக வெள்ளை ஒயினில்தான் சல்ஃபைட் அதிகம். ஐரோப்பிய விதியில் சாதாரண ரெட்டுக்கு லிட்டருக்கு 150, வெள்ளைக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதி. தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே போடும் திராட்சை ஒயினில் யாரும் தூள் சேர்ப்பதில்லைதான், ஆனாலும் ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும். சேர்க்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

ஊறுகாய்க்கு வருவோம், இது என் ஏரியா

பாட்டி போட்ட மாங்காய் ஊறுகாயில் சல்ஃபைட் இல்லை. உப்பும் எண்ணெயும் காரமும் புளிப்பும் போதுமாக இருந்தன. ஊறுகாய் கறுத்தால் யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்குப் பாட்டிலில் வரும் பல ஊறுகாய்களில் இருப்பது சோடியம் பென்சோயேட், உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு லேபிளில் போடும் எண்வரிசையில் அது INS 211. அது சல்ஃபைட் அல்ல. ஆனால் சீசனில் வாங்கிய மாங்காய்த் துண்டுகளை நிறம் மாறாமல் மாதக்கணக்கில் உப்புநீரில் வைத்திருக்க வேண்டுமென்றால் சல்ஃபைட் உள்ளே வருகிறது. வெள்ளை வெளேரென்ற பூண்டு, இஞ்சி ஊறுகாய்களையும் நான் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன்.

நம் விதிகளில் ஊறுகாய்க்குக் காலங்காலமாக இருந்துவரும் வரம்பு, சல்ஃபர் டை ஆக்சைடு கணக்கில், கிலோவுக்கு 100 மில்லிகிராம். அந்த அளவில் இருந்தால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பத்து கிராமில் ஒரே ஒரு மில்லிகிராம்தான். ஆப்ரிகாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அளவு தப்பும்போதுதான் சங்கடம். எப்படித் தப்புகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கே.எம்.எஸ் தூளில் ஏறக்குறைய பாதிதான் சல்ஃபர் டை ஆக்சைடாக வேலை செய்யும். ஆக, ஒரு கிலோ ஊறுகாய்க்கு 100 மில்லிகிராம் வேண்டுமென்றால் 0.2 கிராம் தூள் போதும். ஐந்து கிலோவுக்கு ஒரு கிராம். ஒரு கிராம் என்பது டீஸ்பூனின் நுனி. ஒரு குழுவில், கிராம் காட்டும் சின்னத் தராசு பழுதானதால் ஐந்து கிலோ எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒரு டீஸ்பூன் தட்டிப் போட்டிருந்தார்கள். தட்டிப் போட்டாலும் ஐந்து கிராமுக்குக் குறையாது. கிலோவுக்கு 500 மில்லிகிராம், வரம்பைப்போல ஐந்து மடங்கு. ஜாடியைத் திறந்ததும் தீக்குச்சி நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. "புது மிளகாத்தூள் காரம்ங்க அக்கா" என்றார் ஒரு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மிளகாய்க் காரம் அல்ல அது. எலுமிச்சைப் புளிப்பு தூளை அவிழ்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தவறும் நடக்கும். தூளை முதலில் ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்துவிட்டுச் சேர்க்காமல் நேராகத் தூவினால், ஜாடியின் ஒரு மூலையில் மட்டும் குவியும். அந்த மூலை யார் தட்டுக்குப் போகிறதோ அவர் பாடு.

நம் ஊர்க் கதை என்பதால் வெல்லத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொங்கல் சமயத்தில் மஞ்சள் மஞ்சளாக வரும் வெல்லத்துக்கு நிறம் வெளுக்க, சில ஆலைகளில் ஹைட்ரோஸ் என்ற தூளைக் கொப்பரையில் போடுவார்கள். அதுவும் சல்ஃபைட்டை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். கறுத்த வெல்லம் அசிங்கம் என்று நினைப்பதை நாம் நிறுத்தினால் அந்தத் தூளுக்கு வேலை இருக்காது.

லேபிளில் எதைத் தேடுவது

இந்திய விதிப்படி, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் பாக்கெட்டில் சொல்ல வேண்டும். கன்டெயின்ஸ் சல்ஃபைட் என்று ஆங்கிலத்தில், பெரும்பாலும் பொருள் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பட்டியலுக்குள்ளே என்றால் எண்ணாக வரும்: INS 220 முதல் INS 228 வரை எல்லாமே இந்தக் குடும்பம். INS 220 என்பது வாயு, அதாவது புகைபோட்டது. INS 223, INS 224 இரண்டும் தூள். 224 தான் நம் கே.எம்.எஸ். சில பாக்கெட்டில் இரண்டாம் வகுப்பு ப்ரிசர்வேட்டிவ் என்று போட்டிருக்கும். அந்த வகுப்பில் பென்சோயேட்டும் வரும், சல்ஃபைட்டும் வரும். அதனால் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. சல்ஃபேட் வேறு, சல்ஃபைட் வேறு. ஷாம்பூவில் சல்ஃபேட் இருந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உலர்திராட்சையும் ஆகாது என்பதும் தவறு. எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு.

10 மில்லிகிராம் என்பது லேபிளில் எழுதுவதற்கான கோடு. பாக்கெட்டில் உள்ளது 12 மில்லிகிராமா, 1200 மில்லிகிராமா என்று அந்த வரி சொல்லாது. அங்கே நிறத்தையும் மூக்கையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆப்ரிகாட் ஆரஞ்சாகவும் மெத்தென்றும் இருந்தால் சல்ஃபைட் ஏறியது. பழுப்பாகச் சுருங்கி, பார்க்க அழகில்லாமல் இருந்தால் பெரும்பாலும் இல்லாதது. பளிச்சென்ற தங்கநிறத் திராட்சைக்குப் பதில் கறுப்புத் திராட்சை. காய்ந்த மாம்பழத் துண்டு பச்சைப்பழ மஞ்சளிலேயே இருந்தால் சந்தேகப்படலாம். கழுவினால் கொஞ்சம் போகும், முழுதும் போகாது. கேசரியில் நெய்யில் வறுத்துப் போடும் நாலைந்து திராட்சை பெரும்பாலானவர்களைத் தொந்தரவு செய்வதில்லை, அளவு அவ்வளவு சின்னது.

இருமலும் இறுக்கமும் வந்துவிட்டால் அலர்ஜி மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சுருங்கிய குழாயை விரிக்கும் இன்ஹேலர்தான் முதலில், மருத்துவர் சொன்ன அளவில். அதற்கும் அடங்காமல் பேசவே மூச்சு வாங்கினால் நேராக மருத்துவமனை. என்ன சாப்பிட்டோம், எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சில்லறையில் வாங்கும்போது லேபிளே கிடையாது என்பதுதான் பெரிய ஓட்டை. ஏற்காட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் அதே கடைக்குப் போனேன். கண்ணாடி ஜாடியில் ஆப்ரிகாட் அழகாக அடுக்கியிருந்தது. "இது வந்த பெட்டி இருக்காங்கண்ணா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே போய் மடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். ஓரத்தில், டேப் ஒட்டிய இடத்துக்குக் கீழே, பாதி கிழிந்த ஸ்டிக்கரில் INS 220 இருந்தது. அதை ஃபோட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். "அப்ப பனி இல்லையா அண்ணி?" என்று பதில் வந்தது.